தொகை ஒன்று, தாள் மூன்று

கோயம்புத்தூரில் மசாலாப் பொடியைப் பாக்கெட் போடும் இயந்திரம் செய்துகொடுக்கும் ஒரு சிறு பட்டறையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் உள்ள ஒரு மசாலா கம்பெனி ஓர் இயந்திரம் கேட்கிறது. விலை 4 லட்சம் ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72,000. ஆக மொத்தம் 4,72,000 ரூபாய். இந்த ஒரு வியாபாரம் முடிவதற்குள் பட்டறையிலிருந்து ஈரோட்டுக்கு மூன்று தாள்கள் போகும்: கொட்டேஷன், புரொஃபார்மா இன்வாய்ஸ், டாக்ஸ் இன்வாய்ஸ். மூன்றிலும் அதே இயந்திரம், அதே தொகை. அவசரத்தில் பார்ப்பவருக்குத் தலைப்பைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த 72,000 ரூபாயை அரசுக்குக் கட்டவேண்டிய பொறுப்பு முதல் இரண்டு தாள்களால் வருவதில்லை, மூன்றாவதால்தான் வருகிறது. எந்தத் தாள் எந்த நாளில் போகிறது என்பதில் ஆடிட்டர்கள் இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான்.

முதலில் போவது கொட்டேஷன். 'இந்த விலைக்கு, இந்த நிபந்தனைகளோடு செய்துதர முடியும்' என்று சொல்லும் தாள் அது. வாங்குபவர் இன்னும் சம்மதிக்கவில்லை. இன்னும் இரண்டு பட்டறைகளிலும் விலை கேட்டிருப்பார். ஆகவே கொட்டேஷனில் விலையைவிட நிபந்தனைகளுக்குத்தான் எடை அதிகம். எத்தனை நாள் வரை இந்த விலை, ஆர்டர் கொடுத்து எத்தனை வாரத்தில் டெலிவரி, லாரி வாடகை யாருடையது, அட்வான்ஸ் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எதிர்த் தரப்பு ஏற்றுக்கொள்வதற்கு முன் ஒரு முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். ஏற்றுக்கொண்டபின் முடியாது. கெடுத் தேதி போடாத கொட்டேஷனை ஆறு மாதம் கழித்துத் தூக்கிக்கொண்டு பார்ட்டி வந்து நின்றால், அதற்குள் இரும்பு விலை ஏறியிருந்தாலும் பட்டறைக்காரர் பேச்சுவார்த்தையில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

வரியையும் கொட்டேஷனில் தனியாகக் காட்டுவது நல்லது. 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் ஜிஎஸ்டி விகிதம் மாறியது. சிமென்ட் 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது. 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று ஆகஸ்டில் மொத்தமாக எழுதிக் கொடுத்தவர்களுக்கு, குறைந்த வரி யாருக்குச் சேரவேண்டும் என்ற கேள்வி எழும். 'வரி தனி, பில் போடும் நாளில் உள்ள விகிதப்படி' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

ஈரோட்டுக்காரர் சம்மதித்து பர்ச்சேஸ் ஆர்டர் கொடுத்துவிட்டார். ஆனால் பணம் பாங்க் கடனில் வரவேண்டும். இங்கேதான் புரொஃபார்மா வருகிறது. பேரம் முடிந்து, விலை உறுதியாகி, சரக்கு இன்னும் போகாத இடைவெளிக்கான தாள் இது. டாக்ஸ் இன்வாய்ஸ் எப்படி இருக்கப்போகிறதோ அதே அமைப்பில், வரியையும் கணக்குப் போட்டுக் காட்டி, பட்டறையின் பாங்க் கணக்கு எண்ணோடு கொடுக்கிறார்கள். கடன் தரும் பாங்க் பெரும்பாலும் பணத்தை வாங்குபவர் கையில் கொடுக்காமல் விற்பவர் கணக்குக்கே நேராக அனுப்பும் என்பதால் அதற்கு இந்த விவரம் வேண்டும். அட்வான்ஸ் கேட்கவும் இதே தாள்தான். ஜிஎஸ்டி சட்டத்தில் புரொஃபார்மாவுக்கென்று தனி இடம் கிடையாது. இது வியாபாரிகள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட வழக்கம்.

சில சமயம் வாங்குபவர், 'புரொஃபார்மா எதற்கு, பில்லையே போட்டுக் கொடுத்துடுங்க, பாங்கில் சீக்கிரம் வேலை நடக்கும்' என்பார். பட்டறைக்காரரும் மார்ச் 20ஆம் தேதி டாக்ஸ் இன்வாய்ஸே போட்டுக் கொடுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பொருள் விற்பனையில் இன்வாய்ஸ் தேதியே வரிப் பொறுப்பு பிறக்கும் தேதி. மாதாமாதம் கணக்குக் காட்டுபவர் என்றால் ஏப்ரல் 20க்குள் 72,000 ரூபாயைக் கட்டவேண்டும். கடன் மே மாதம்தான் கிடைக்கிறது என்றால், வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி கட்டியாயிற்று. கடனே கிடைக்காமல் ஆர்டர் ரத்தானால், கிரெடிட் நோட் போட்டுச் சரிசெய்யவேண்டும். ஆர்டரே ஒரு பேச்சுக்குத்தான், இயந்திரம் போகவே இல்லை என்றால், சரக்கு தராமல் பில் மட்டும் கொடுத்த குற்றச்சாட்டு வரக்கூடும். அதற்கு அபராதம் உண்டு.

ஒழுங்கான வழியில் போனால் இப்படி நடக்கும். புரொஃபார்மாவைப் பார்த்து வாங்குபவர் கால் பங்கு, அதாவது 1,18,000 ரூபாய் அட்வான்ஸ் அனுப்புகிறார். பட்டறை அதற்கு ஒரு ரசீது வவுச்சர் கொடுக்கவேண்டும். பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்கு 2017 நவம்பர் 15 முதல் ஜிஎஸ்டி கட்டவேண்டியதில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்களுக்கு இந்தச் சலுகை. பாங்கிலிருந்து மீதி 3,54,000 வருகிறது. இயந்திரம் லாரியில் ஏறும் நாளில், அது பட்டறையை விட்டுக் கிளம்பும் முன்பே டாக்ஸ் இன்வாய்ஸ் தயாராகவேண்டும். மூன்று பிரதிகள்: அசல் வாங்குபவருக்கு, இரண்டாவது லாரிக்காரருக்கு, மூன்றாவது பட்டறைக்கு. இ-வே பில்லும் கூடவே போகும்.

இந்த இடத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. அட்வான்ஸ் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று மீதித் தொகைக்கு மட்டும் இன்வாய்ஸ் போடுவது. இன்வாய்ஸ் முழு 4 லட்சத்துக்கும், முழு 72,000 வரிக்கும்தான். வந்த அட்வான்ஸைக் கீழே கழித்துக் காட்டலாம்.

வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் டாக்ஸ் இன்வாய்ஸுக்குத்தான் மதிப்பு. அவர் கொடுத்த 72,000 ரூபாயைத் தன் விற்பனை வரியில் கழித்துக்கொள்ள அது கையில் இருக்கவேண்டும், இயந்திரம் வந்து சேர்ந்திருக்கவேண்டும், விற்பவர் கணக்கில் காட்டிய அந்த இன்வாய்ஸ் வாங்குபவரின் ஜிஎஸ்டிஆர்-2பி படிவத்திலும் தெரியவேண்டும். புரொஃபார்மாவைப் பார்த்துக் கொள்முதலைப் பதிந்த கணக்காளருக்கு, அடுத்த மாதம் 14ஆம் தேதி அந்தப் படிவம் வரும்போது அதில் அப்படியொரு பில்லே இருக்காது.

இரண்டையும் குழப்பாமல் இருக்க எளிய வழி எண் வரிசை. டாக்ஸ் இன்வாய்ஸுக்கு நிதியாண்டு முழுவதும் தொடர்ச்சியான, திரும்ப வராத எண் வேண்டும். 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. புரொஃபார்மாவுக்கும் அதே வரிசையில் எண் கொடுத்தால், எத்தனை இன்வாய்ஸ் போட்டீர்கள் என்று ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டும்போது நடுவில் எண்கள் காணாமல் போயிருக்கும். 'பிஐ' என்று தொடங்கும் தனி வரிசை வைத்துக்கொண்டு, 'இது டாக்ஸ் இன்வாய்ஸ் அல்ல' என்று கீழே எழுதிவிடுவது பலரின் பழக்கம்.

சேவைத் தொழிலில் கணக்கு கொஞ்சம் மாறும். இணையதளம் வடிவமைத்துத் தரும் ஒருவர் அட்வான்ஸ் வாங்கினால், பணம் வந்த மாதமே அதற்கு வரி உண்டு. பொருளுக்குள்ள சலுகை இவருக்கு இல்லை. ஆனாலும் புரொஃபார்மா இவருக்குக் கைகொடுக்கிறது. வேலை ஜூன் 10இல் முடிகிறது. அன்றே புரொஃபார்மா அனுப்பிவைக்கிறார். ஜூன் 25இல் பணம் வந்தால் ஜூன் கணக்கில் வரி. பணம் வரவில்லையென்றால், வேலை முடிந்த 30 நாளுக்குள், அதாவது ஜூலை 10க்குள், டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டே ஆகவேண்டும். ஜூலை 5இல் போட்டால் அது ஜூலை மாத வரி. கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் 20. பார்ட்டி பணம் தரட்டும் என்று புரொஃபார்மாவோடு நிறுத்திக்கொண்டு ஜூலை 10ஐயும் தாண்டவிட்டால், வேலை முடிந்த ஜூன் 10ஆம் தேதியையே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த வரி ஜூலை 20க்குள் கட்டியிருக்கவேண்டியது. தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி ஓடும்.