எழுதும் கை - 14: முல்லையைக் கடிந்த புலவர்

புறநானூற்றின் 242ஆம் பாட்டு ஆறே அடி. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்ததைக் குடவாயிற் கீரத்தனார் பாடியது. துறை கையறுநிலை. இறந்தவனை நினைத்துச் செய்வதறியாமல் நிற்பவர்கள் பாடுவது. ஆனால் இந்தப் பாட்டில் ஒருவரும் அழவில்லை. பேச்செல்லாம் முல்லைப் பூவைப் பற்றித்தான்.

இளைஞர்கள் பூவைச் சூடமாட்டார்கள், வளையணிந்த பெண்கள் கொய்யமாட்டார்கள் என்று தொடங்குகிறார். பாணனிடம் வரும்போது மட்டும் கொஞ்சம் நிற்கிறார். அவன் தன் யாழின் கொம்பால் பூவை மெல்ல வளைத்து எடுப்பவன், அவனும் சூடமாட்டான். பாடினியும் அணியமாட்டாள். சாத்தன் இறந்த செய்தி ஐந்தாம் அடிக்கு வந்த பிறகுதான் தெரிகிறது. கடைசி அடியில் முல்லையைப் பார்த்து, இப்போதும் இந்த ஒல்லையூர் நாட்டில் பூக்கிறாயா என்று கேட்டுவிட்டு முடித்துவிடுகிறார்.

நம்மில் பலர் துக்கத்தை எழுதும்போது செய்வது இதற்கு நேர் எதிர். வானத்தை அழவைக்கிறோம், மரத்தைத் தலைகுனிய வைக்கிறோம். கீரத்தனாரின் முல்லைக்குத் துக்கமே கிடையாது. அது பாட்டுக்குப் பூக்கிறது. அதனால்தான் அவருக்குக் கோபம் வருகிறது, நமக்கும் வலிக்கிறது.

போன மாதம் ஒரு வாசகி தன் தந்தையைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார். வீடு இருண்டுவிட்டது, சாய்வு நாற்காலி வெறுமையாகக் கிடக்கிறது, அன்று வானமும் அழுதது என்று மூன்று வரி. பொய் என்று சொல்ல முடியாது; நாற்காலி அங்கே கிடக்கத்தான் செய்யும். ஆனால் அந்த மூன்று வரியையும் என் பெரியப்பாவுக்கு எழுதலாம், உங்கள் மாமாவுக்கும் எழுதலாம். அவருடைய அப்பா மட்டும் அதில் இல்லை. போனில் அழைத்து, "அப்பா செய்து, நீங்கள் எல்லோரும் அனுபவித்த வேலை என்னம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மோட்டார் போடுவார் சார்" என்றார்.

கிணற்று மோட்டார். அடியில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகும். இரவோடு இரவாகக் குழாயில் இருக்கும் தண்ணீர் இறங்கிவிடும். அப்படியே சுவிட்சைப் போட்டால் மோட்டார் சும்மா இரையும், தண்ணீர் ஏறாது. அதனால் அப்பா காலையில் மூடியைத் திருகி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, குமிழி அடங்கும் வரை பொறுத்து, மூடியை இறுக்கிவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவார். வால்வைப் பழுதுபார்க்காமலே பல வருஷம் ஓட்டிவிட்டார். பக்கத்து வீட்டு அக்காவும் மோட்டார் சத்தம் கேட்டுத்தான் குடத்தோடு வருவார்.

இதை எழுதுங்கள் என்றேன். எழுதினார். பதினாறு முடிந்த மறுநாள் தம்பி சுவிட்சைப் போடுகிறான். மோட்டார் இரைகிறது, தண்ணீர் வரவில்லை. "ஒரு சொம்பு ஊத்துவாரேடா" என்கிறாள் அம்மா. எங்கே ஊற்ற வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது. அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே நிற்கிறார். பதினாறு என்ற சொல்லே இறப்பைச் சொல்லிவிடுவதால் தேதி, மருத்துவமனை எதுவும் தேவைப்படவில்லை.

அதில் இரண்டு வரிகளை அடித்தேன். ஒன்று, "மோட்டாரும் அப்பாவைத் தேடியது". அழுத வானமே மோட்டார் வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. தண்ணீர் இல்லாமல் இரைவது மோட்டாரின் குணம், அதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று, "அப்போதுதான் அவர் இல்லை என்பது உறைத்தது". குடத்தோடு நிற்கும் அக்காவைப் பார்த்தவுடன் வாசகருக்கு அது உறைத்துவிட்டது. மறுபடி சொன்னால் அவரை நம்பவில்லை என்று அர்த்தம்.

அடுத்த முறை வேறொரு சிக்கல். ஒரு பொருள் வேலை செய்ததைப் பார்த்ததும், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, பாதி படித்த புத்தகம் என்று அடுக்கிவிட்டார். கண்ணாடியும் செருப்பும் இப்போது நாற்காலி அளவுக்கே தேய்ந்துவிட்டன. தவிர, அடுக்கினால் அது சாமான் பட்டியல். கீரத்தனார் நான்கு பேரைச் சொன்னாலும் பூ ஒன்றுதான்.

கண்ணீரே வரக்கூடாதா என்று கேட்டார். வரட்டும், அது ஏதாவது ஒரு வேலைக்கு இடைஞ்சலாக வரட்டும். மருந்துக்கடைச் சீட்டைப் படிக்க முடியாமல் கண் மறைத்தது என்றால் நான் அடிக்கமாட்டேன்.

ஒரு விஷயத்தில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. தம்பி பிளம்பரைக் கூட்டிவந்து வால்வை மாற்றிவிட்டான். இப்போது யார் சுவிட்சைப் போட்டாலும் தண்ணீர் ஏறுகிறது, சொம்பு தேவையில்லை. இதை அவர் நடுவில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். நான் கடைசிக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். அவர் மறுக்கிறார். "கடைசியில வச்சா, நான் வேணும்னே வச்ச மாதிரி இருக்கு சார்" என்கிறார்.