பன்னிரண்டு கட்டம், ஒரே குதிரை

1878 ஜூன் 19 அன்று கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ ஓட்டப்பாதையில் சாலி கார்ட்னர் என்ற பெண் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. பாதையோரம் 27 அங்குலத்துக்கு ஒன்றாக 12 கேமராக்களை நிறுத்தியிருந்தார் எட்வர்ட் மைபிரிட்ஜ். குறுக்கே இழுத்துக் கட்டிய நூல்களைக் குதிரை தட்டிக்கொண்டே போக, கேமராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. அந்தப் படங்கள் வரிசைக்கு நான்காக மூன்று வரிசைகளில் அடுக்கப்பட்டு ஒரே அட்டையாக வெளிவந்தன. பாயும் குதிரையை, முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி அந்தரத்தில் பறப்பதாகவே அதுவரை பல ஓவியர்கள் தீட்டிவந்தார்கள். அது தவறு என்று இந்த அட்டை காட்டியது.

இந்த அட்டையை ஓர் இணையக் கட்டுரையில் சேர்க்கிறீர்கள். பார்வையற்ற வாசகர் அதைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கிறார். அந்த மென்பொருளுக்குக் குதிரை தெரியாது. படத்தோடு நாம் எழுதிவைக்கும் மாற்று உரையைத்தான் அது வாசிக்கும். உரையே இல்லாவிட்டால் பல நேரம் கோப்பின் பெயரைப் படித்துவிட்டுப் போய்விடும்.

தனிப் படத்துக்கு மாற்று உரை எழுதுவது அவ்வளவு கடினமில்லை. சிக்கல் தொகுப்புப் படத்தில்தான். ‘குதிரைகளின் படங்கள்’ என்று எழுதினால் கேட்பவர் மனதில் ஒரு லாயமே எழும்பிவிடும். பன்னிரண்டு குதிரைகளா, ஒன்றேயா, ஒரே நேரமா, வெவ்வேறு நாளா? எதுவும் தெரியாது. இன்னொரு பக்கம், மிகுந்த பொறுப்போடு ‘முதல் கட்டத்தில்... இரண்டாம் கட்டத்தில்...’ என்று பன்னிரண்டையும் விவரிப்பவர்கள் உண்டு. அது இன்னும் மோசம் என்பேன். கண் ஒரு நொடியில் அட்டை முழுவதையும் மேய்ந்து, வேண்டிய கட்டத்தில் நிற்கும். காதுக்கு அந்த வசதி இல்லை. பத்தி பிரிப்பு, தலைப்பு எதுவும் மாற்று உரைக்குள் நிற்காது. முழுவதும் ஒரே மூச்சில் வந்து விழும். ஏழாவது கட்டம் வரும்போது இரண்டாவது மறந்திருக்கும்.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது துண்டுகளுக்கு இடையிலான உறவு. பிறகு, கட்டுரைக்கு எந்தத் துண்டு முக்கியமோ அது. குதிரையின் ஓட்டத்தைப் பற்றிய கட்டுரை என்றால் நான் இப்படி எழுதுவேன்:

```
<img src="horse.jpg" alt="ஓடும் ஒரே குதிரை, அடுத்தடுத்த கணங்களில் எடுத்த 12 கட்டத் தொகுப்பு. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் நான்கு குளம்புகளும் தரையில் படவில்லை; கால்கள் வயிற்றடியில் மடங்கியுள்ளன. கடைசிக் கட்டத்தில் குதிரை நிற்கிறது.">
```

‘ஒரே குதிரை’, ‘அடுத்தடுத்த கணங்கள்’ ஆகிய இரண்டும் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டதால், பின்னால் வருவதைக் கேட்பவர் சரியான இடத்தில் பொருத்திக்கொள்வார். ‘தரையில் படவில்லை’ என்பதோடு நிறுத்தியிருந்தால், பழைய ஓவியம் போலக் கால்களை நீட்டிய குதிரையையே அவர் கற்பனை செய்திருப்பார். படம் மறுத்த அதே தவறை நம் உரை திரும்ப நட்டிருக்கும். கால் மடங்கியிருப்பதைச் சொன்னதால்தான் கண்டுபிடிப்பு அவரிடம் போய்ச் சேர்கிறது. கடைசிக் கட்டத்தைச் சொல்லாவிட்டால் பன்னிரண்டும் ஓட்டம் என்றாகிவிடும்.

விட்டவையும் உண்டு. ‘படம்’ என்று தொடங்கவில்லை. இது படம் என்பதைத் திரைவாசிப்பானே அறிவித்துவிடும். மைபிரிட்ஜ் பெயரும் ஆண்டும் படத்தின் கீழ்க் குறிப்பில் இருந்தால் இங்கே வேண்டாம், இரண்டு முறை கேட்க நேரும். மூன்று வரிசை, நான்கு பத்தி என்ற அமைப்பையும் சொல்லவில்லை. கட்டுரை ‘நடு வரிசையைப் பாருங்கள்’ என்று எங்காவது பேசினால் மட்டுமே அது தேவைப்படும்.

இதே அட்டை சினிமா வரலாற்றுக் கட்டுரையில் வந்தால் குளம்பு பின்னுக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் நிலை சிறிதே மாறுகிறது, முதல் பதினொன்றை வேகமாக மாற்றிக் காட்டினால் குதிரை ஓடுவதுபோல் தெரியும் என்பது முன்னுக்கு வரும். படம் ஒன்றுதான், உரை வேறு. அதனால் ஒரு முறை எழுதியதைப் படம் போகும் இடமெல்லாம் ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாணவருக்குப் பன்னிரண்டு கட்டமும் தேவைப்படலாம்; எந்தக் கால் எப்போது ஊன்றுகிறது என்பதே பாடமாக இருக்கலாம். அந்த விவரத்தைப் படத்துக்குக் கீழே சாதாரண உரையாக, வரிசை எண்ணிட்டுக் கொடுங்கள். அங்கே கேட்பவர் வரிவரியாக நின்று, வேண்டியதற்குத் திரும்பிப் போக முடியும். பார்க்கிறவர்களுக்கும் பயன்படும்.

எழுதியது தேறுமா என்று பார்க்க, அட்டையைப் பார்த்திராத ஒருவருக்கு அதை ஒரே முறை வாசித்துக் காட்டி, இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை குதிரை? அந்தரத்தில் இருக்கும்போது கால்கள் எப்படி இருந்தன?