ஆயிரம் வெள்ளிக்குக் கைக்காசு எவ்வளவு?

அந்நியச் செலாவணி மாற்றும் கடைகளில் 'கமிஷன் கிடையாது' என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பலரும் பார்த்திருப்போம். அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கடைக்காரர் தனியாகக் கமிஷன் கேட்கத் தேவையே இல்லை. அவருடைய லாபம் விலைப்பலகையில் உள்ள இரண்டு எண்களுக்கு நடுவில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒன்று அவர் நமக்கு விற்கும் விலை. மற்றது நம்மிடமிருந்து வாங்கும் விலை. தங்கம் வாங்கி விற்றவர்களுக்கு இது புதிதல்ல. பேப்பரில் வரும் விலை ஒன்று, நகைக்கடை கேட்பது ஒன்று, அதே நகையை விற்கப் போனால் கிடைப்பது இன்னொன்று.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு வாரம் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சாப்பாடு, பஸ், ரயில், சின்னச் சின்னக் கடைச் செலவு என்று 1,000 சிங்கப்பூர் வெள்ளி வேண்டும். செல்போனில் கூகுள் காட்டும் விலை ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு நமக்கு யாரும் தரமாட்டார்கள். அது பெரிய வங்கிகள் தங்களுக்குள் கைமாற்றும் விலை. ஆனாலும் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. யார் எவ்வளவு ஏற்றிச் சொல்கிறார்கள் என்று அளக்க அதுதான் அளவுகோல்.

மூன்று இடங்களில் விசாரிக்கிறோம். முதல் கடை வெள்ளிக்கு 70 ரூபாய் 90 காசு சொல்கிறது, வேறு கட்டணம் இல்லை. இரண்டாவது கடை 70 ரூபாய் 60 காசு என்கிறது, ஆனால் சேவைக் கட்டணம் 500 ரூபாய். விமான நிலையக் கவுண்டர் 75 ரூபாய் 50 காசு. விலையை மட்டும் பார்த்தால் இரண்டாவது கடைதான் மலிவு. ஆனால் ஜிஎஸ்டியையும் சேர்க்க வேண்டும். பணம் மாற்றும்போது முழுத் தொகைக்கும் வரி போடுவதில்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதற்கு 18 சதவீதம் போடுகிறார்கள். அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்பதால் எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் 45 ரூபாய் வரி உண்டு. சேவைக் கட்டணம் வாங்கினால் அதற்கும் தனியாக 18 சதவீதம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். முதல் கடையில் 70,900 ரூபாயும் வரி 128 ரூபாயும் சேர்த்து 71,028 ரூபாய். இரண்டாவது கடையில் 70,600, சேவைக் கட்டணம் வரியோடு 590, பண மாற்று வரி 127, ஆக 71,317. மலிவாகத் தெரிந்த கடையில்தான் 289 ரூபாய் கூடுதல். விமான நிலையத்தில் 75,636. முதல் கடையைவிட 4,608 ரூபாய் அதிகம். சிங்கப்பூரில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு அது.

ஆகவே போனில் கேட்க வேண்டிய கேள்வி "இன்னைக்கு ரேட் என்ன?" என்பதில்லை. "சார், ஆயிரம் வெள்ளி வேணும். வரி, சார்ஜ் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று கேளுங்கள். "நேரில் வாங்க, பார்த்துச் செய்யலாம்" என்று இழுத்தால் அடுத்த கடைக்குப் போன் போடலாம். வார நாளில், அதுவும் ஒரே மணி நேரத்துக்குள், எல்லோரையும் விசாரித்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். சனி, ஞாயிறு சந்தை மூடியிருப்பதால் திங்கட்கிழமை விலை ஏறிவிடுமோ என்ற பயத்தில் கடைகள் கொஞ்சம் ஏற்றியே சொல்லும்.

ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள இடமா என்று பார்த்துக்கொள்வது முக்கியம். உரிமம் உள்ளவர் பாஸ்போர்ட், பான் கார்டு, டிக்கெட், விசா கேட்பார், ரசீது தருவார். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கமாட்டார், வங்கிக் கணக்கிலிருந்துதான் செலுத்த வேண்டும். இதெல்லாம் எதுவும் வேண்டாம், கையில் காசு கொடுத்தால் போதும் என்று ஒருவர் பத்து காசு குறைத்துத் தருகிறார் என்றால், கள்ளநோட்டு வந்தாலும் கேள்வி கேட்க நமக்கு ஆதாரம் இருக்காது.

சரி, ஆயிரத்தையும் தாளாகவே வாங்க வேண்டுமா? தேக்கா மார்க்கெட் போன்ற உணவங்காடிகளில் சின்னக் கடைகள் சிலவற்றுக்குக் கையில் பணம் வேண்டும். ஹோட்டல், பெரிய கடை, ரயில் எல்லாம் அட்டையிலேயே முடியும். 300 வெள்ளி தாளாகவும் 700 வெள்ளி ஃபாரெக்ஸ் கார்டிலும் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. தாள் வாங்கும்போது பத்து, ஐம்பதாகக் கேளுங்கள். 1,000 வெள்ளித் தாளை வெளியிடுவதைச் சிங்கப்பூர் 2021-இலேயே நிறுத்திவிட்டது. செல்லும்தான், ஆனால் தோசைக்கடையில் நீட்டினால் முறைப்பார்கள்.

ஃபாரெக்ஸ் கார்டில் முன்கூட்டியே வெள்ளியாக ஏற்றிக்கொள்கிறோம். ஏற்றிய அன்றைய விலை நிலைத்துவிடும், பிறகு ரூபாய் சரிந்தாலும் கவலை இல்லை. சாதாரணக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்குப் பல வங்கிகள் 3.5 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல் எடுக்கின்றன. அதைவிட இது மேல். ஆனால் அந்தக் கூடுதல் கட்டணமே இல்லாத கார்டுகளையும் இப்போது சில வங்கிகள் தருகின்றன. அப்படி ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் ஃபாரெக்ஸ் கார்டு வாங்குவது வீண் வேலை என்றே சொல்வேன்.

ஃபாரெக்ஸ் கார்டுக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடையில் கார்டைத் தேய்த்ததும் இயந்திரத் திரையில் இரண்டு தொகை வரும். ஒன்று SGD 100, இன்னொன்று INR 7,350 என்பதுபோல. ரூபாயில் பார்த்தால் கணக்குப் புரிகிறதே என்று கை தானாக அங்கே போகும். 100 வெள்ளிக்கு உண்மை மதிப்பு 7,000 ரூபாய்தான். மீதி 350 ரூபாய் அந்த மாற்றத்தைச் செய்துதரும் நிறுவனத்துக்கு. கதை அத்தோடு முடிவதில்லை. நம் கார்டில் இருப்பது வெள்ளி, பில்லோ இப்போது ரூபாய்க்கு மாறிவிட்டது. எனவே கார்டு நிறுவனம் வெள்ளியை ரூபாய்க்கு மாற்ற வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் 3.5 சதவீதம். 7,350 ரூபாய் என்பது 105 வெள்ளி, கட்டணமும் சேர்ந்தால் 108 வெள்ளிக்கு மேல் போய்விடும். நூறு வெள்ளிப் பொருளுக்கு எட்டு வெள்ளி தண்டம். எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே எப்போதும் தொடுங்கள். சில கடைகளில் ஊழியரே நம்மைக் கேட்காமல் ரூபாயை அழுத்திவிடுவார். ரசீதில் INR என்று இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதை ரத்து செய்து மறுபடி தேய்க்கச் சொல்லலாம்.

ஹோட்டல் முன்பணத்துக்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள். அறைக்கு 200 வெள்ளியைப் பிடித்துவைத்தால், காலி செய்த பிறகும் அது கார்டுக்குத் திரும்ப நாட்கள் ஆகும். ஊர் சுற்ற வைத்திருந்த பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். இதற்குக் கிரெடிட் கார்டுதான் தோது.

இனி மிச்சப் பணம். ஊர் திரும்பும்போது 200 வெள்ளி கையில் இருக்கிறது. நாம் முதல் கடையில் வாங்கியபோது வரியோடு சேர்த்து அதன் அடக்கம் 14,206 ரூபாய். அதே கடை திருப்பி வாங்கும் விலை 69 ரூபாய் என்றால், 45 ரூபாய் வரி போக 13,755 கிடைக்கும். நஷ்டம் 451 ரூபாய். விமான நிலையத்தில் 64 ரூபாய் 50 காசுக்குத் தள்ளிவிட்டால் கைக்கு வருவது 12,855, நஷ்டம் 1,351. பத்து நிமிட அவசரத்துக்கு 900 ரூபாய் அதிகம்.

விற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை. வெளிநாட்டுத் தாள்களைத் திரும்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கென்று கையிலேயே வைத்துக்கொள்ளலாம். மகளோ மகனோ சிங்கப்பூரில் இருந்து, அடுத்த வருடமும் போகப் போகிறவர்கள் 200 வெள்ளியை விற்று மறுபடி வாங்குவது அந்த 451 ரூபாயை வலியப் போய்க் கொடுப்பதுதான். டிராயரில் வைத்தால் போதும். மறுபடி போகமாட்டோம் என்பவர்கள் வாங்கிய கடைக்கே ரசீதோடு போனால் கொஞ்சம் பேரம் பேச இடமிருக்கும்.

சில்லறைக் காசை இங்கே மாற்றும் கடைகள் பொதுவாக வாங்கமாட்டா. கடைசி நாளில் காசை முதலில் கொடுத்துத் தீர்த்துவிட்டு, குறைக்குத் தாளையோ கார்டையோ நீட்டுவதே வழி. அப்போது தாள்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சிங்கப்பூரில் புருனே டாலரும் சமமதிப்பில் செல்லும், 1967-லிருந்தே அப்படி ஓர் ஒப்பந்தம். எனவே மீதிச் சில்லறையில் புருனே தாள் ஒன்றிரண்டு வந்துசேரலாம். அங்கே இட்லி வாங்க உதவும் அந்தத் தாளைத் திருச்சியில் விற்பது சுலபமில்லை, அதையும் அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

கார்டில் மிச்சமிருப்பதை எடுக்க, வழங்கிய வங்கிக்கோ நிறுவனத்துக்கோ விண்ணப்பம் கொடுத்தால் அன்றைய வாங்கும் விலையில் ரூபாயாக மாற்றி வங்கிக் கணக்கில் போடுவார்கள். ஊர் திரும்பிய அன்றே செய்துவிடாதீர்கள். ஹோட்டலில் பிடித்துவைத்த தொகை, தாமதமாகக் கழிக்கப்படும் பில் எல்லாம் வந்துசேர ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். அதற்காக மறந்தும்விடாதீர்கள். நீண்டநாள் பயன்படுத்தாத கார்டுகளில் சிலவற்றுக்குக் கட்டணம் உண்டு. மிச்சமிருந்த பதினைந்து வெள்ளியை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.