பவுசருக்குப் பின்னால் எத்தனை மீற்றர்?

மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகையைக் கண்டால் வன்னியில் வளர்ந்தவர்களின் கால் தானாகவே நின்றுவிடும். அந்த நாங்களேதான் ஏ9 வீதியில் எரிபொருள் பவுசரின் பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிறோம். நானும் ஓடியிருக்கிறேன்.

பவுசரில் உள்ள சாய்சதுர அடையாளம் சிவப்பாக, தீச்சுவாலையோடு, அடியில் 3 என்ற எண்ணோடு இருந்தால் உள்ளே இருப்பது தீப்பற்றும் திரவம். எண் 2 என்றால் தீப்பற்றும் வாயு. சில வாகனங்களில் செம்மஞ்சள் தகடும் இருக்கும். அதன் கீழ்வரி பொருளைச் சொல்லும்: 1203 பெற்றோல், 1202 டீசல், 1075 எரிவாயு. மேல்வரி ஆபத்தைச் சொல்லும். டீசலுக்கு 30, பெற்றோலுக்கு 33. இலக்கம் இரட்டித்தால் ஆபத்தும் கூடுதல் என்று அர்த்தம். பவுசர் வெறுமையாக வந்தாலும் இதே கவனம் வேண்டும். திரவத்தை இறக்கிய பின்னும் பெற்றோல் ஆவி உள்ளே நிற்கும்.

தூரம் ஏன் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் நெருப்பு அல்ல, திரவத்தின் அசைவு. பாதி நிரம்பிய தாங்கியில் பிரேக் பிடித்தால், உள்ளிருக்கும் எரிபொருள் முன்னுக்குப் பாய்ந்து வண்டியைத் தள்ளும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும் அந்தத் தள்ளுகை முழுதாக நிற்காது. வளைவில் அதே திரவம் ஒரு பக்கம் சாய்ந்து வண்டியைப் புரட்டவும் கூடும். பவுசர் சாரதி முன்னால் நீண்ட இடைவெளி விடுவது அதனால்தான். அந்த இடைவெளிக்குள் முச்சக்கரவண்டியை நுழைப்பவர், அவர் பிரேக் பிடிக்க வைத்திருந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறார்.

பின்னால் போகிறவருக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடுவோம். பவுசர் கடந்த மின்கம்பத்தை நீங்கள் அடைய நான்கு செக்கனாவது ஆக வேண்டும். அது 67 மீற்றர் அளவு. மழையில் இரட்டிப்பு. பவுசரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியாவிட்டால், சாரதிக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

சிலிண்டர் லொறியில் வேறொரு சிக்கல். குழியில் ஏறி இறங்கும்போது கட்டுத் தளர்ந்தால் சிலிண்டர் வீதியில் விழும். வால்வு அடிபட்டால் வாயு கசியும். அது காற்றைவிடப் பாரமானது, மேலே போகாது. வாய்க்காலிலும் பள்ளத்திலும் போய்த் தங்கும். மணம் வந்தாலோ, நிலத்தோடு வெண்புகைபோலத் தெரிந்தாலோ, தூரத்திலேயே என்ஜினை நிறுத்தி, காற்று வரும் திசையில், மேட்டுப்பக்கமாக நடந்துவிடுங்கள். கைத்தொலைபேசியையும் அங்கு வைத்து எடுக்கவேண்டாம்.

தாங்கி எரியும்போது ஆட்களை விலக்க அவசரகாலக் கையேடு சொல்லும் தூரம் பெற்றோலுக்கு 800 மீற்றர், எரிவாயுவுக்கு 1600 மீற்றர். பாகிஸ்தானின் பஹவல்பூர் பகுதியில் 2017 ஜூனில் கவிழ்ந்த பவுசரிலிருந்து பெற்றோல் அள்ளப் போன இடத்தில் தீப்பிடித்து, 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பலருடைய கையில் இருந்தவை வாளியும் போத்தலும்தான்.