ஆளுக்கு இரண்டு படுக்கை

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன் அக்கா. சேமிப்பு எழுதியாகிவிட்டது, உள்கடன் பேசியாகிவிட்டது. இந்த மழைக்காலத்தில் ஆளுக்கொரு புது வருமானம் முயன்று பார்க்கலாம் என்று போன கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். பன்னிரண்டு பேரும் ஒரே தொழிலில் இறங்கினால் விற்பதற்குள் விழி பிதுங்கும். நாலு பேருக்குத் தோதாக ஒன்று சொல்கிறேன், சிப்பிக் காளான். மற்றவர்கள் அவரவர் யோசனையோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். வடகம், வற்றல் மட்டும் இப்போது வேண்டாம், வெயில் நம் கையில் இல்லை.

புரட்டாசி முடிந்தால் காற்றில் ஈரம் ஏறும், சூடு தணியும். 20 முதல் 30 டிகிரி வரை சூடும் நல்ல ஈரமும் இருந்தால் சிப்பிக் காளான் வரும். குறுவை அறுத்த வைக்கோலும் ஊரில் கிடக்கிறது. மழையில் நனைந்து கறுத்ததை எடுக்காதீர்கள். பொன்னிறமாக, உலர்ந்ததாக, பூஞ்சை வாடை இல்லாததாக இருக்கவேண்டும்.

வைக்கோலை இரண்டு விரல்கடை நீளத்துக்கு நறுக்கி, நாலைந்து மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு அண்டாவில் போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்து, சுத்தமான பாயில் நிழலில் பரப்புங்கள். அடுத்ததுதான் முக்கியம். ஒரு பிடி வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை ஈரமாகவேண்டும். சொட்டினால் இன்னும் உலரவிடுங்கள். அவசரப்பட்டு ஈர வைக்கோலைப் பையில் அடைத்தால் உள்ளேயே அழுகும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலப் பிளாஸ்டிக் பையின் அடியைக் கட்டி, நாலு விரல் உயரம் வைக்கோல், ஓரத்தைச் சுற்றி ஒரு பிடி விதை, மறுபடி வைக்கோல் என்று அடுக்குங்கள். வைக்கோல் ஐந்து அடுக்கு, நடுவே விதை நாலு அடுக்கு. வாயைக் கட்டி, நடுவில் இரண்டு பக்கமும் சின்னத் துளை போட்டு, இருட்டான கொட்டகையில் தொங்கவிடுங்கள். இதைத்தான் படுக்கை என்கிறார்கள். ஒரு விதைப் பொட்டலம் இரண்டு படுக்கைக்குக் காணும். பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்த விதையாகப் பார்த்து வாங்குங்கள். பச்சைப் புள்ளியோ புளித்த வாடையோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதினைந்து, இருபது நாளில் பை முழுக்க வெள்ளை படரும். நடுவில் பச்சையாகத் திட்டுத் திட்டாக வந்தால் அது வேறு பூஞ்சை. வேகவைத்தது போதவில்லை, அல்லது கை சுத்தமில்லை. அந்தப் பையை உடனே தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள், அடுத்த பைக்கும் தொற்றும். வெள்ளை நிறைந்ததும் பையைக் கிழித்துத் தினம் தண்ணீர் தெளித்தால் மூன்றாம் நாள் வாக்கில் மொட்டு எட்டிப் பார்க்கும். அடுத்த இரண்டு மூன்று நாளில், ஓரம் சுருண்டு விரிவதற்கு முன்பே, தண்ணீர் தெளிக்கும் முன் பறித்துவிடுங்கள். பறிக்கத் தாமதித்தால் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, சின்னம்மா, உங்களுக்கு இந்த வேலை வேண்டாம். ஒரு படுக்கையில் மூன்று முறை பறிக்கலாம், எல்லாம் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும்.

கணக்குக்கு வருகிறேன். நல்லபடி வந்தால் ஒரு படுக்கை அரை கிலோவுக்கு மேல் தரும். நாம் அரை கிலோ என்றே போடுவோம். இரண்டு படுக்கைக்கு ஒரு கிலோ. கிலோ 200 ரூபாய் என்று வையுங்கள். விதை, பை, விறகு எல்லாம் சேர்த்து 100 போனால் கையில் நிற்பது 100. இவ்வளவுதானா என்று முகம் சுளிக்கிறீர்கள், தெரிகிறது. இது சம்பாதிக்க இல்லை, கை பழக. முதல் இரண்டு படுக்கைக்குக் கடன் கேட்காதீர்கள். அது நல்லபடி வந்தால் பத்துப் படுக்கைக்கு உள்கடன் தரலாம் என்பது என் எண்ணம்.

பத்தையும் ஒரே நாளில் போட்டுவிடாதீர்கள். பறித்த காளான் வெளியில் ஒரு நாள்தான் தாங்கும், ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள். நாலு நாளுக்கு இரண்டு படுக்கையாகப் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். விற்காமல் நின்றதை அன்றே குழம்பு வைத்துவிடுங்கள், வாடியதை யாருக்கும் விற்கவேண்டாம். யார் யார் வாங்குவார்கள் என்று பத்து வீட்டுப் பெயரை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று யார் கேட்டு வருகிறீர்கள்? காளான் போட நினைக்கும் நாலு பேர் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுங்கள். விதை வாங்கப் போகிறவர் காலையிலேயே போய் வந்துவிடுங்கள், பொட்டலத்தை வெயிலில் வைக்கக்கூடாது.