ஏஐ கணிப்புக்குக் காசு கட்டணுமா, எக்செல் போதுமா?

அய்யலூர்ல சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை வியாபாரம் பண்றீங்கன்னு வைங்க. தீபாவளி 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. போன வருஷ அக்டோபர் விற்பனையைப் பார்த்து சரக்கு எடுத்தா, இந்த அக்டோபர்ல தேங்கும். முதல்ல எக்செல்ல மாசத்துக்குப் பதிலா, ‘தீபாவளிக்கு எத்தனை வாரம் முன்னாடி’ன்னு விற்பனையை அடுக்குங்க.

அப்புறம் ஒரு சோதனை. 2025 விற்பனையை மறைச்சு, பழைய கணக்கை மட்டும் வச்சு ரெண்டு வழியிலும் கணிங்க. உதாரணத்துக்கு, எக்செல் 60 சேலை தப்புது, ஏஐ 40 தப்புது. வித்தியாசம் 20 சேலை. தேங்கின சேலைக்கு வட்டி, தள்ளுபடி சேர்த்து ₹100 நஷ்டம்னா, மிச்சம் ₹2,000. சாப்ட்வேர் வருஷ வாடகை அதைவிட அதிகமா? எக்செல்லே போதும்.

ரெண்டு வருஷ பில் மட்டும்தான் இருக்கா? ஏஐ பார்த்ததும் ரெண்டே தீபாவளிதான். கொஞ்சம் பொறுங்க.