கோயிலும் திண்ணை வீடும்: இரண்டு மணி நேரத்தில் ஒரு பிராம்ப்ட் வகுப்பு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இப்போது முதலில் கேட்பது, "எழுதிக் கொடுத்தால் படம் வரையுமாமே, அது எப்படி?" என்பதைத்தான். கூகுளின் ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற புரோகிராம்களில் இலவசக் கணக்கிலேயே படம் பெறலாம். நமக்கு என்ன படம் வேண்டும் என்று எழுதித் தரும் குறிப்பைப் பிராம்ப்ட் என்கிறார்கள். கட்டடங்களுக்கான பிராம்ப்ட் எழுதுவதை மட்டும் எடுத்துக்கொண்டு, தாமலில் இரண்டு மணி நேர வகுப்பு ஒன்றை நடத்தி வருகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நீங்களும் நடத்திட வசதியாக அதன் திட்டத்தை இங்கே தருகிறேன்.

கட்டடத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. பூவையோ மேகத்தையோ வரையச் சொன்னால் வந்த படம் சரியா தவறா என்று சொல்ல முடியாது. கட்டடம் அப்படி இல்லை. தாமலில் இருப்பவர்களுக்குப் பக்கத்திலேயே காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. பல்லவ மன்னன் இராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. வந்த படம் கோயிலைப் போல இருக்கிறதா என்பதை, அங்கே ஒரு முறை போய் வந்த பத்து வயதுப் பையனே சொல்லிவிடுவான்.

பன்னிரண்டு பேர், ஆறு கம்ப்யூட்டர், ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். இலவசக் கணக்குகளில் ஒரு நாளைக்கு இத்தனை படம்தான் என்ற வரம்பு உண்டு. அது அடிக்கடி மாறும். ஆகவே ஒரு ஜோடிக்கு எட்டுப் படங்கள் என்று நானே அளந்து கொடுத்துவிடுகிறேன். கோயிலுக்கு நான்கு, வீட்டுக்கு நான்கு. இந்தக் கட்டுப்பாடு வகுப்புக்கு நல்லதாகவே அமைந்தது. எண்ணிச் செலவழிக்க வேண்டும் என்றால் எழுதுமுன் யோசிக்கிறார்கள்.

முதல் இருபது நிமிடம் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம். கைலாசநாதர் கோயிலின் போட்டோ ஒன்றைக் காகிதத்தில் அச்சிட்டு ஜோடிக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுங்கள். அதைப் பார்த்துச் சில கேள்விகளுக்கு நோட்டில் விடை எழுத வேண்டும். இருப்பதிலேயே உயரமானது எது? எந்தக் கல், என்ன நிறம்? சுவரின் ஓரங்களில் என்ன நிற்கிறது? பார்ப்பவர் எங்கே நின்று பார்க்கிறார், வெயில் எந்தப் பக்கம்? கோயிலின் பெயரை மட்டும் எழுதக் கூடாது என்பது விதி.

முதல் கேள்வியில்தான் பலர் தடுமாறுவார்கள். கோயில் என்றதும் நம் மனதில் வருவது வாசல் கோபுரம். ஏகாம்பரநாதர் கோயிலில் 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய தெற்கு இராஜகோபுரம் அந்த மாதிரி. பல்லவர் காலத்தில் கதையே வேறு. கைலாசநாதர் கோயிலில் உயர்ந்து நிற்பது கருவறையின் தலைக்கு மேல் இருக்கும் விமானம். வாசல் பக்கம் எல்லாம் தாழ்வு. இந்த ஒரு வேறுபாட்டை நோட்டில் எழுதி வைத்தவர்களுக்குப் பிறகு வரும் வேலை பாதி முடிந்த மாதிரி.

அடுத்த பதினைந்து நிமிடம் முதல் பிராம்ப்ட். இதை மட்டும் வேண்டுமென்றே எல்லோரும் ஒரே வரியாக எழுதச் சொல்கிறேன்.

```
காஞ்சிபுரத்தில் பல்லவர் காலக் கோயில் ஒன்றின் படம் வரை
```

எங்கள் வகுப்பில் பெரும்பாலான மானிட்டர்களில் வந்தது வாசலில் உயர்ந்து நிற்கும் கோபுரம். அதுவும் பச்சை, நீலம், சிவப்பு என்று பூசிய பொம்மைகளுடன். இந்தப் புரோகிராம்கள் இணையத்தில் குவிந்திருக்கும் படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் கொண்டு பழக்கப்பட்டவை. தமிழ்நாட்டுக் கோயில் என்ற சொல்லோடு வண்ணக் கோபுரப் படங்களே அதிகம் சேர்ந்து கிடப்பதால், விவரம் தராத இடங்களை அதைக் கொண்டே நிரப்பிவிடுகின்றன. உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். ஒரே பிராம்ப்டை இரண்டு முறை கொடுத்தாலும் இரண்டு படங்கள் வரும். ஆகவே ஒரு படத்தை மட்டும் பார்த்துப் பிராம்ப்ட் சரியில்லை என்று தீர்மானிக்காதீர்கள். அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இரண்டு ஜோடிகள் ஒரே பிராம்ப்டைக் கொடுத்து, இரண்டு மானிட்டரிலும் அதே குறை வருகிறதா என்று பார்த்திடலாம்.

இனி முப்பத்தைந்து நிமிடம் திருத்தும் வேலை. நோட்டில் மூன்று பத்தி கோடு போடச் சொல்லுங்கள். முதலில் எதை மாற்றினோம், அடுத்து படத்தில் என்ன மாறியது, கடைசியில் போட்டோவோடு ஒப்பிட்டால் சரியா தவறா. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். ஐந்து விஷயங்களை ஒன்றாக மாற்றினால் படம் நன்றாக வந்துவிடலாம். எதனால் வந்தது என்பது தெரியாது. அடுத்த படத்தில் மறுபடி தடுமாற வேண்டியதுதான்.

ஒரு ஜோடியின் நோட்டை அப்படியே பார்ப்போம். இரண்டாவது படத்துக்கு அவர்கள் சேர்த்த வரி, "விமானம் உயரமாக இருக்க வேண்டும்" என்பது. கோயிலுக்கு மேலே வானத்தில் ஒரு ஆகாய விமானம் பறந்தது. வகுப்பே சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. ஆனால் நல்ல பாடம். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால், அதிகம் புழங்கும் பொருளைத்தான் புரோகிராம் எடுத்துக்கொள்ளும். தெரிந்த பெயரைச் சொல்வதை விட, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைச் சொல்வது பாதுகாப்பானது. மூன்றாவது பிராம்ப்டில் விமானம் என்ற சொல் போய், வடிவம் வந்தது.

```
பழைய கல் கோயில். நடுவில் கருவறையின் மேல்
அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் கூம்பு வடிவ அமைப்பு,
உச்சியில் எண்கோணக் குவிமாடம். இதுவே எல்லாவற்றிலும் உயரம்.
முன்புற வாசலும் சுற்றுமதிலும் தாழ்வானவை.
```

உயரம் சரியாகிவிட்டது, வண்ணம் போகவில்லை. "வண்ணப்பூச்சு இல்லாமல்" என்று சேர்க்கலாமா என்று கேட்டார்கள். இல்லை, வேண்டாம் என்று எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. பல புரோகிராம்கள் "இல்லாமல்" என்பதைக் கோட்டை விட்டு, "வண்ணம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளும். எது வேண்டாம் என்பதற்குப் பதிலாக எது வேண்டும் என்று எழுதிடுங்கள். நான்காவது படத்துக்கு அவர்கள் சேர்த்தது இந்த ஒரு வரி.

```
முழுவதும் மங்கிய மணல் நிற மணற்கல், மழையில் தேய்ந்த பரப்பு.
```

படம் போட்டோவுக்கு அருகில் வந்துவிட்டது. சுவர் ஓரங்களில் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கங்களை வேறொரு ஜோடி வரவழைத்தார்கள். சில சிங்கங்களுக்கு ஐந்து கால்கள். மதிலின் உட்புறம் வரிசையாக இருக்கும் 58 சிறு சன்னதிகளை எண்ணிக்கையோடு கேட்டுப் பார்த்த ஜோடிக்கு ஏமாற்றம்தான். பத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையை இவை சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. அங்கே "வரிசையாகச் சிறு சன்னதிகள்" என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு சின்ன விஷயம். இந்தப் புரோகிராம்கள் உரையாடல் போல இயங்குவதால் முன்னால் நீங்கள் எழுதியதும் நினைவில் இருக்கும். அடுத்த படத்தில் பழைய கோபுரத்தின் சாயல் ஒட்டிக்கொண்டே வந்தால் காரணம் இதுதான். பிராம்ப்டைச் சோதிக்கும்போது `New chat` என்பதைக் கிளிக் செய்து, முழுப் பிராம்ப்டையும் புதிதாகக் கொடுத்திடவும். வந்த படம் பிடித்துப்போய் அதில் ஒரு மூலையை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் அதே உரையாடலில் தொடரலாம். அப்போதும் மற்ற இடங்கள் தாமாக மாறியிருக்கின்றனவா என்று பழைய படத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பத்து நிமிட இடைவேளை. டீ வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் போகும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மீதியுள்ள நேரத்துக்குப் போட்டோ கிடையாது. அவரவர் வீட்டுப் பெரியவர்கள் குடியிருந்து, இப்போது இடிக்கப்பட்டுவிட்ட பழைய வீட்டை வரைய வேண்டும். முந்தைய நாளே வீட்டில் விசாரித்து எழுதி வரச் சொல்லிவிடுகிறேன். நெசவுக் குடும்பங்களில் பலருக்கு அந்த வீட்டின் படம் ஒன்று கூட இல்லை. தறி வாங்கிய பணத்தில் கேமரா யார் வாங்கினார்கள்? சென்ற வகுப்பில் ஒரு பெண் தன் பாட்டியையே அழைத்து வந்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் அமர்ந்து பாட்டிதான் தீர்ப்புச் சொன்னார்.

```
தமிழ்நாட்டில் நெசவாளர் வீடு, முன்புறம் திண்ணை, ஓட்டுக் கூரை
```

இதற்கு வந்தது கேரளத்து வீடு. சரிந்து இறங்கும் பெரிய கூரை, சுற்றிலும் தென்னை, திண்ணைக்குப் பதில் மரப் பெஞ்சு. பாட்டி பார்த்துவிட்டு, "இது யார் வூடும்மா?" என்றார். பேத்தி திண்ணை என்ற சொல்லை விட்டு, அதன் உருவத்தை எழுதினார்.

```
தெருவோடு ஒட்டிய குறுகிய வீடு, இரு பக்கமும் அடுத்த வீடுகள்.
வாசலின் இரு புறமும் முழங்கால் உயரத்தில்
சுண்ணாம்பு பூசிக் கட்டிய, உட்காரும் மேடை.
அதன் மேல் கூரையைத் தாங்கும் மரத்தூண்கள்.
```

மேடை வந்தது. ஆனால் கூரையில் தட்டையான மங்களூர் ஓடு. "எங்களது நாட்டு ஓடு, வருஷா வருஷம் மாத்துவோம்" என்றார் பாட்டி. மூன்றாவது முறை "அரைக் குழாய் வடிவச் சிறிய மண் ஓடுகள், நெருக்கமாக, சீரற்று அடுக்கியவை" என்று சேர்த்ததும் கூரை சரியானது. கடைசிப் படம் மிச்சம். தூண் சதுரமாக இருக்கிறது, எங்கள் வீட்டில் உருண்டை என்றார். அதை மட்டும் மாற்றினார்கள். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வலப்பக்கத் திண்ணைலதான் உங்க தாத்தா பாவு நூலுக்குக் கணக்குப் பார்ப்பார்" என்று ஆரம்பித்தார். அடுத்த ஜோடியும் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கேட்கத் தொடங்கியதால் அன்றைக்கு வகுப்பு பத்து நிமிடம் நீண்டுவிட்டது.

வீட்டின் உள்ளே தறியைக் காட்ட முயல வேண்டாம் என்பது என் கருத்து. நம் குழித்தறியில் நெய்பவர் தரை மட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பார். எங்கள் வகுப்பில் கேட்டபோதெல்லாம் பெஞ்சு போட்ட வெளிநாட்டுத் தறியே வந்தது. எட்டுப் படமும் அதிலேயே தீர்ந்துவிடும். கடைப் பலகை, கதவில் எழுதிய பெயர் போன்றவற்றில் தமிழ் எழுத்துகள் கொக்கியும் சுழியுமாகச் சிதைந்து வருவதும் உண்டு. எழுத்தை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும் கேளுங்கள்.

கடைசி ஐந்து நிமிடம் சேவ் செய்வதற்கு. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து `Save image as` தேர்ந்தெடுத்து, பைல் பெயரில் இது உருவாக்கிய படம் என்பதைச் சேர்த்திடவும். நாங்கள் வைத்த பெயர் இது:

```
paatti_veedu_AI_4.png
```

பைல் பெயர் மட்டும் போதாது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தப் பெயர் போய்விடும். பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, கீழ் ஓரத்தில் "பாட்டி சொன்னபடி கம்ப்யூட்டர் வரைந்தது" என்று டைப் செய்து மீண்டும் சேவ் செய்திடவும். கோயில் படத்துக்கும் இப்படியே. பயன்படுத்திய பிராம்ப்டை நோட்பேடில் ஒட்டி, அதே பெயரில் டெக்ஸ்ட் பைலாக அதே போல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் எதிர் வீட்டை வரைய உட்காரும்போது அந்த ஓட்டு வரியும் திண்ணை வரியும் அப்படியே உதவும்.